அதிர்வு நிற்கும்வரை மேசைக்குக் கீழே: அம்பாறைக் கரையோரப் பாடசாலை ஒன்றின் ஒத்திகைக் காணொளி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பட்டினம் ஒன்றில், கடலுக்கும் பிரதான வீதிக்கும் இடையில் இருக்கிற பாடசாலை இது. தரம் 1 முதல் 11 வரை வகுப்புகள் உண்டு. கட்டடங்கள் இரண்டு. ஒன்று ஓடு போட்ட பழைய நீள மண்டபம். அதில் வகுப்புகளை அரைச்சுவர்கள் பிரிக்கின்றன. மற்றது சுனாமிக்குப் பிறகு கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். விளையாட்டு மைதானம் கடற்பக்கம் இருக்கிறது. பிரதான வீதியைத் தாண்டி மேற்கே போனால் வீடுகளும், அதற்கப்பால் வயல்வெளியும் வரும்.

சுனாமி ஒத்திகை இங்கே பழகிப்போன ஒன்று. சைரன் ஒலித்தால் புத்தகப்பையை விட்டுவிட்டு வரிசையாக மேற்கே நடக்க வேண்டும் என்பது முதலாம் தரப் பிள்ளைக்கும் தெரியும். நிலம் ஆடினால் முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்வது என்பதற்கு மட்டும் பயிற்சி எதுவும் இருக்கவில்லை.

2023 பெப்ரவரியில் பக்கத்து மொனராகலை மாவட்டத்தின் புத்தள, வெல்லவாய பகுதிகளில் சிறிய அதிர்வுகள் பதிவானபோது பெற்றோர் இதைக் கேட்கத் தொடங்கினார்கள். இலங்கை புவித்தட்டுகளின் எல்லையில் இல்லை. அதனால் பெரிய அதிர்வு இங்கே அரிது. ஆனால் சிறியவை வருகின்றன. 1615 இல் கொழும்பு பெரிய சேதத்தைக் கண்டிருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தாய் கேட்டது அதிபரின் குறிப்பில் அப்படியே இருக்கிறது: "சேர், சுனாமிக்கு ஓடச் சொல்லிக் குடுத்திருக்கிறீங்க. நிலம் ஆடினா பிள்ளை என்ன செய்யும்?"

அதிலிருந்து வந்ததுதான் காணொளி என்ற யோசனை. இரண்டு ஆசிரியர்கள், அனர்த்தப் பயிற்சிகளில் பல வருட அனுபவமுள்ள ஓர் உத்தியோகத்தர், கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கும் இளைஞர் ஒருவர், வசனம் எழுதும் பொறுப்பில் நான் என ஒரு சிறிய குழு அமைந்தது.

முதல் வடிவத்தில் கவனித்தவை

முதல் வடிவம் ஏறத்தாழ நான்கு நிமிடம். சைரன் ஒலியுடன் தொடங்கும், கமரா குலுங்கும், பிள்ளைகள் மேசைக்குக் கீழே போவார்கள். அந்தக் காட்சி சில செக்கன்களில் வெட்டுப்பட்டு, வரிசையாக மைதானத்துக்கு ஓடும் நீண்ட காட்சி வரும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பொதுவில் விட முன்னர் தரம் 6 வகுப்பு ஒன்றுக்குக் காட்டி, அடுத்த பாடவேளையில் அதே வகுப்பில் ஒத்திகை செய்வது என்று முடிவெடுத்தோம். காணொளியில் இருந்த அதே சைரன் ஒலியைத்தான் ஒத்திகையிலும் போட்டோம்.

ஒலி வந்ததும் வகுப்பின் பெரும் பகுதி எழுந்து வாசலை நோக்கி ஓடியது. சில பிள்ளைகள் மேசைக்குக் கீழே போனார்கள். மற்றவர்கள் ஓடுவதைக் கண்டதும் அவர்களும் வெளியே வந்து பின்னால் ஓடினார்கள். வாசலில் நெரிசல். ஒரு பிள்ளைக்கு முழங்கால் உராய்ந்தது. முதலில் ஓடியவர்கள் போய் நின்ற இடம் தாழ்வாரத்தின் ஓட்டு விளிம்புக்கு நேர் கீழே. உண்மையான அதிர்வில் முதலில் சரிந்து விழக்கூடியது அந்த ஓடுகள்தான்.

"ஏன் மேசைக்குக் கீழே போகவில்லை?" என்று ஒரு ஆசிரியை கேட்டார். ஒரு பையன் தயங்காமல் சொன்னான்: "சைரன் கேட்டா ஓடணும்தானே, டீச்சர்."

அவன் சொன்னது சரி. இந்தக் கரையில் அந்த ஒலிக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது. நாட்டின் கரையோர எச்சரிக்கைக் கோபுரங்களும் வருடாந்த ஒத்திகைகளும் அதைத்தான் கற்பித்திருக்கின்றன. அந்தப் பழக்கத்தைக் குழப்புவது இன்னொரு நாளில் உயிராபத்தாக முடியலாம்.

இன்னொன்றையும் கவனித்தோம். குலுங்கும் கமராக் காட்சி தொடங்கியதும் ஆசிரியை ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். 2004 இல் வீட்டாரை இழந்தவர் அவர். அவரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. ஆனால் காணொளியை மறுபடி எடுக்கும்போது அந்தக் கணம் எங்கள் எல்லோர் மனதிலும் இருந்தது.

ஏன் ஓடினார்கள்

அன்று மாலை காணொளியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில், சைரன் பாதிக் காரணம்தான் என்று தெரிந்தது. மீதி, காட்சிகளின் நீளத்தில் இருந்தது. மேசைக்குக் கீழே இருக்கும் காட்சி கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது, ஓடும் காட்சி நீண்டு போகிறது. பிள்ளையின் மனதில் பதிவது அதிக நேரம் பார்த்ததுதான்.

நில அதிர்வில் காயங்கள் எப்படி வருகின்றன என்று உலகெங்கும் பதிவானவற்றைப் பார்த்தால், ஆட்டம் நடக்கும்போது நடந்தும் ஓடியும் விழுந்தவர்களும், மேலிருந்து விழும் பொருள்களால் அடிபட்டவர்களும் ஏராளம். அதனால்தான் இருக்கும் இடத்திலேயே தாழ்ந்து, தலையையும் கழுத்தையும் மறைத்து, உறுதியான ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்கிறார்கள். வாசல் நிலைக்குள் நிற்பது பாதுகாப்பு என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் நம்பியிருந்தார். இன்றைய கட்டடங்களில் வாசல் மற்ற இடங்களைவிடப் பலமானதல்ல. ஆடும் கதவு கையை நசுக்கும், வாசலில் நிற்பவர் மற்றவர்களின் வழியையும் மறிப்பார். அந்த வரியை வசனத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

மாற்றியவை, அதற்கான காரணங்கள்

முதல் முடிவு, சைரனை முழுவதுமாக நீக்குவது. ஒத்திகையின் தொடக்கத்துக்குப் பாடசாலை மணியும் சரிவராது, ஏனென்றால் விடாமல் அடித்தால் அது தீ ஒத்திகை. ஆகவே ஆசிரியரின் குரலையே தொடக்கமாக வைத்தோம்: "நில அதிர்வு. கீழே போங்க." மின்சாரமோ ஒலிபெருக்கியோ வேண்டாம். உண்மையான நாளிலும் பிள்ளைகள் கேட்கப்போவது இந்தக் குரலைத்தான். வெளியேறுவதற்கு விசில். அந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்பவில்லை.

இரண்டாவது, கமராவைத் தாங்கியில் அசையாமல் நிறுத்தினோம். ஆட்டத்தைப் பொருள்களே காட்டட்டும் என்று விட்டோம். மேசைமேல் பாதி தண்ணீர் நிரப்பிய போத்தல், மேலே ஆடும் மின்விசிறி, அலுமாரி ஓரத்திலிருந்து விழும் கொப்பிகள், இவை போதும். மேல்வகுப்பு மாணவர்கள் இரண்டு பேர் திரைக்கு வெளியே இருந்து மேசையை அசைத்தார்கள். பிள்ளைகள் செய்யும் செயல் தெளிவாகத் தெரிந்தது, பார்ப்பவரின் நெஞ்சும் படபடக்கவில்லை. போத்தலில் இன்னொரு நன்மையும் இருந்தது. எல்லாப் பிள்ளையின் மேசையிலும் ஒன்று இருக்கிறது. திரையில் பார்த்த அடையாளத்தை வகுப்பிலும் காணலாம்.

உண்மையான சுனாமி, பூகம்பப் படக்காட்சிகள் எதையும் சேர்க்கவில்லை. காட்டப்போகும் நாளை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தோம். டிசம்பர் 26 ஐ அண்டிய வாரங்களைத் தவிர்த்தோம்.

மூன்றாவது முடிவில்தான் குழுவுக்குள் அதிக விவாதம் நடந்தது. அது எண்ணுவது பற்றியது. இளைஞர் திரையின் ஓரத்தில் குறைந்துகொண்டே போகும் கடிகாரம் ஒன்றை வைத்திருந்தார். அழகாக இருந்தது. ஆனால் அதிர்வு எப்போது முடியும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பூச்சியத்துக்கு வந்ததும் எழலாம் என்று பழகிய பிள்ளை, உண்மையான ஆட்டத்தின் நடுவில் எழும். ஆகவே கடிகாரத்தை எடுத்துவிட்டு, ஆசிரியர் மேசைக்குக் கீழே இருந்தபடி உரத்து, மெதுவாக, ஒன்றிலிருந்து மேலே எண்ணும்படி மாற்றினோம். திரையில் அந்த எண் மட்டும் பெரிதாக வரும்.

எண்ணுவதில் இரண்டு வேலை நடக்கிறது. குரல் தொடர்ந்து கேட்கும்வரை பிள்ளைகள் இருந்த இடத்தில் இருக்கிறார்கள், வாசலைப் பார்க்கும் கண்கள் குறைகின்றன. இரண்டாவது வேலை இந்தக் கரைக்கே உரியது. ஆட்டம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பது எண்ணியவருக்குத் தெரிந்துவிடுகிறது.

நீளத்தை ஏன் அளக்க வேண்டும்

2004 இல் சுனாமியை உண்டாக்கிய 9.1 அளவு பூகம்பம் சுமாத்திராவுக்கு அருகே, இங்கிருந்து 1,500 கிலோமீற்றருக்கும் அப்பால், அன்றைய இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் நடந்தது. அலை கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அவ்வளவு தூரத்துப் பூகம்பம் இங்கே பலமாக உலுக்காது. உணரப்பட்டாலும், தொட்டில் ஆடுவதுபோல் மெல்ல, ஆனால் நீண்ட நேரம் ஆடும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடந்தது இலங்கையில் பல இடங்களில் உணரப்பட்டது. கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அங்கே கடலடி நிலம் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. ஆனால் கரையில் இருப்பவருக்கு அந்த வேறுபாடு ஆட்டத்தை வைத்துத் தெரியாது.

உள்ளூரில் வரும் சிறிய அதிர்வு சில செக்கன்களில் முடிந்துவிடும். இந்த வேறுபாட்டை வைத்துக் காணொளிக்கு இரண்டு முடிவுக் காட்சிகளைப் படமாக்கினோம்.

முதலாவதில் எண் 8 இல் நிற்கிறது. ஆசிரியர் கொஞ்சம் பொறுத்து, மேலே பார்த்து, விசில் ஊதுகிறார். பிள்ளைகள் புத்தகப்பையைத் தலைக்குமேல் பிடித்து, ஓட்டு விளிம்பை வேகமாகக் கடந்து மைதானத்தின் நடுவில் கூடுகிறார்கள். பெயர் கூப்பிடப்படுகிறது. அதிபர் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைக்கிறார்.

இரண்டாவதில் எண் 20 ஐத் தாண்டி 30 க்கு மேலும் போகிறது. ஆட்டம் மெல்லியதுதான், போத்தல் தண்ணீர் மட்டும் ஆடுகிறது. அது நின்றதும் விசில். இம்முறை மைதானத்தில் யாரும் நிற்பதில்லை. முன்வாசலால் வெளியேறி, பிரதான வீதியைக் கடந்து நேரே மேற்கே நடக்கிறார்கள். எண் 20 ஐ எட்டாவிட்டாலும், நிற்க முடியாத அளவு பலமாக ஆடினால் இதே முடிவுதான். செய்திக்காகக் காத்திருக்க வேண்டாம், போனபின் கேட்கலாம்.

இந்த இடத்தில் வசனத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டியிருந்தது. "கடல் உள்வாங்கினால் சுனாமி வரும்" என்று எழுதப்பட்டிருந்தது. 2004 இல் இலங்கையின் பக்கம் முதலில் வந்தது நீர் ஏற்றம். உள்வாங்கியது அதற்குப் பின்னர். பெரிய அலை அதையும் அடுத்து வந்தது. உள்வாங்குவதைப் பார்க்கக் காத்திருக்கும் பிள்ளைக்கு இங்கே நேரம் கிடைக்காமல் போகலாம். ஆகவே, "கடல் வழமைக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும் மேற்கே போங்க" என்று மாற்றினோம். ஆட்டமே உணரப்படாமலும் சுனாமி வரலாம் என்பதால், சைரன் ஒத்திகையைத் தொடாமல் அப்படியே தனியாக விட்டோம்.

மேசைகள்

படம் எடுக்கும்போதுதான் தெரிந்தது, எல்லா மேசைக்குக் கீழேயும் ஆள் போக முடியாது என்று. தனிப்பிள்ளை மேசைகளில் கீழே கொப்பி வைக்கும் தட்டு இருக்கிறது. தரம் 9, 10 மாணவர்களுக்குத் தலை மட்டும்தான் உள்ளே போகும். நீள வாங்குகள் இருக்கும் வகுப்பில் இன்னும் கஷ்டம்.

காணொளியில் இதை மறைக்காமல் காட்டினோம். சிறிய பிள்ளை முழங்காலில் இருந்து மேசைக்குக் கீழே புகுந்து, ஒரு கையால் பின்கழுத்தை மூடி, மறு கையால் மேசைக்காலைப் பிடிக்கிறது. மேசை நகர்ந்தால் பிள்ளையும் சேர்ந்து நகர வேண்டும், பிடிப்பதன் காரணமே அதுதான். பெரிய மாணவன் தலையையும் கழுத்தையும் உள்ளே வைத்து, மிச்ச உடம்பைச் சுருட்டிக்கொள்கிறான். மேசையே இல்லாதவர் ஜன்னலுக்கும் அலுமாரிக்கும் விலகி, முழங்காலில் குனிந்து, இரண்டு கைகளாலும் தலையையும் பின்கழுத்தையும் மூடுகிறார். அரைச்சுவரில் சாயக் கூடாது என்பதைத் தனிக் காட்சியாக வைத்தோம். மேலே கட்டு இல்லாமல் தனியே நிற்கும் அந்தச் சுவர் சரியக்கூடியது.

சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தியும் நடித்தாள். சக்கரத்துப் பூட்டைப் போட்டு, முன்னால் குனிந்து, தலையை மூடுவாள். வெளியேறும்போது அவளுடன் போகும் ஆசிரியர் யார் என்பதும் காட்சியில் இருக்கிறது. ஆரம்பத்தில் அந்தக் காட்சி திட்டத்தில் இருக்கவில்லை. அவள்தான் கேட்டாள், "நான் எங்க போறது, டீச்சர்?" என்று.

குரலும் திரையும்

குரல் கொடுத்தவர் சங்கீத ஆசிரியை. செய்தி வாசிப்பதுபோல் வாசிக்காமல், வகுப்பில் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். ஒரு வசனம், ஒரு செயல். அந்தச் செயல் திரையில் முடியும்வரை அடுத்த வசனம் இல்லை. "பயப்படாதீங்க" என்ற சொல்லை அவரே நீக்கச் சொன்னார். அந்தச் சொல் வந்ததும் பிள்ளைகள் பயப்பட ஏதோ இருக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பதை அவர் முதல் காட்சியிலேயே கவனித்திருந்தார். பின்னணி இசை எதுவும் இல்லை.

அடையாளப் படங்கள் மூன்றுதான்: மேசைக்குக் கீழே பிள்ளை, உள்ளங்கையைக் காட்டும் கை, நடக்கும் ஆள். மூன்றும் திரையில் எப்போதும் ஒரே மூலையில் வரும். கை இருக்கும்வரை இருந்த இடத்தில் இரு, ஆள் வந்ததும் நட. நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லவில்லை. நிறங்களைப் பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். அது தவிர அரைச்சுவர் வகுப்பின் வெளிச்சத்தில் புரொஜெக்டர் நிறங்கள் எல்லாம் வெளுத்துப் போகும். கறுப்பு வெள்ளையில் தடித்த கோடுகளாக வரைந்தோம்.

கோப்பின் அளவையும் 16 மெகாபைட்டுக்குள் சுருக்கினோம். பெற்றோரின் வகுப்பு வட்ஸ்அப் குழுக்களுக்குப் போக வேண்டும், டேட்டாவும் அதிகம் போகக் கூடாது. இந்தத் தடித்த கோடுகள் சின்னப் போன் திரையிலும் தெரிந்தன.

அதன்பின் நடந்தவை

புதிய வடிவத்தை அதே தரம் 6 வகுப்புக்கும், முதல் வடிவத்தைப் பார்க்காத வேறொரு தரம் 6 வகுப்புக்கும் காட்டினோம். பார்க்காத வகுப்பில் ஆசிரியர் எண்ணத் தொடங்கியதும் எல்லோரும் கீழே போனார்கள், விசில்வரை இருந்தார்கள். முதல் வடிவத்தைப் பார்த்த வகுப்பில் மூன்று பிள்ளைகள் எழுந்து வாசல்வரை போய், எண்ணும் குரல் கேட்டுத் திரும்பி வந்து குனிந்தார்கள். முதலில் கற்றது அவ்வளவு லேசில் போவதில்லை என்பதற்கு இது போதிய சாட்சி. அந்த வகுப்புக்குக் காணொளி இல்லாமலே ஒத்திகையைச் சில தடவை செய்வித்தோம்.

பிறகு முழுப் பாடசாலைக்கும் ஒத்திகை நடந்தது. ஓட்டு மண்டபத்தில் நன்றாக நடந்தது. மாடிக் கட்டடத்தில் சிக்கல் வந்தது. விசில் ஊதியதும் மேல்மாடி வகுப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே படிக்கட்டுக்கு வந்தன. காணொளி முழுவதையும் தரை மட்டத்தில் எடுத்திருந்ததால், படிக்கட்டு வரிசை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

நீண்ட ஆட்டத்துக்கான முடிவிலும் ஒரு குறை தெரிந்தது. மேற்கே நடக்கும்போது பிரதான வீதியைக் கடப்பதற்கு வாகனங்களை நிறுத்த ஆள் வேண்டும். ஒத்திகை நாளில் பொலிஸார் இருவர் வந்திருந்தார்கள். உண்மையான நாளில் அவர்கள் வர நேரம் எடுக்கும். தரம் 11 மாணவத் தலைவர்கள் சிவப்புக் கொடியுடன் முன்னால் போவது என்று அதிபர் தற்காலிகமாக ஒழுங்கு செய்தார். பிள்ளைகளை வாகனத்துக்கு முன்னால் நிறுத்துவதை நான் ஏற்கவில்லை, குழுவிலும் இது முடிவாகவில்லை.

முதல் வடிவத்தின்போது எழுந்து வெளியே போன ஆசிரியை புதிய வடிவத்தை முதலில் தன் வீட்டில் போனில் தனியே பார்த்தார். பிறகு தன் வகுப்புக்குத் தானே எண்ணுகிறேன் என்றார்.

மாற்ற வேண்டியவை

மாடிக் கட்டடத்துக்குத் தனியாக ஒரு குறும் பகுதி எடுக்க வேண்டும். படிக்கட்டுக்கு அருகில் உள்ள வகுப்பு முதலில், அடுத்தது இரண்டாவதாக, ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பிள்ளை படியில் இறங்கிய பிறகே அடுத்த வகுப்பு வாசலைவிட்டு வர வேண்டும். அதை அந்தப் படிக்கட்டிலேயே எடுப்பதுதான் சரி. வேறு பாடசாலை இந்தக் காணொளியைப் பாவிப்பதாக இருந்தாலும் வெளியேறும் பகுதியைத் தன் இடத்திலேயே மீள எடுக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது செய்யும் முதல் பகுதி மட்டும்தான் எங்கும் பொருந்தும்.

பதில் ஆசிரியர்களுக்கான ஏற்பாடும் இல்லை. வகுப்பாசிரியர் விடுமுறையில் இருக்கும் நாளில் யார் எண்ணுவது? ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மாணவர்களை எண்ணுவதற்குப் பழக்குவது என்று தீர்மானித்திருக்கிறோம். காணொளியின் அடுத்த வடிவத்தில் எண்ணுபவர் ஆசிரியராக இல்லாமல் ஒரு மாணவியாக இருப்பார்.

மைதானம் கடற்பக்கம் இருப்பதை மாற்ற முடியாது. சிறிய அதிர்வுக்குப் பிறகும் அங்கே கூடிநிற்கும் நேரம் பெயர் கூப்பிட்டு முடியும்வரை மட்டுமே என்றும், அதன்பின் முன்வாசல் முற்றத்துக்கு வந்து 117 இலிருந்து வரும் பதிலுக்குக் காத்திருப்பது என்றும் பாடசாலையின் அனர்த்தத் திட்டத்தில் எழுதியாயிற்று. காணொளியில் அது இன்னும் சேரவில்லை. அடுத்த தவணையில் மாடிப் பகுதியை எடுக்கும்போது இதையும் சேர்த்து எடுப்பதாக இருக்கிறது.